கெட்ட செய்தியோடு வரும் வெற்றி

விடைத்தாள் கட்டைப் பிரித்து உட்கார்ந்தால் எந்தக் கேள்வியில் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். முதுகலைப் பொருளியல் தாளில் ஏலம் பற்றிய வினா அப்படிப்பட்டது. இந்த முறை வந்த வினா இது:

‘கடலடி எண்ணெய்த் திடல் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. அதன் மதிப்பு ஐந்து நிறுவனங்களுக்கும் ஒன்றே. ஆனால் அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு நிறுவனமும் ரகசியமாக ஒரு மதிப்பீடு செய்து வைத்திருக்கிறது. உண்மை மதிப்புக்கு 30 கோடி ரூபாய் கீழேயிருந்து 30 கோடி மேலே வரை எந்த இடத்திலும் அந்த மதிப்பீடு சம வாய்ப்புடன் விழலாம். நான்கு ஏல முறைகளில் விற்பவருக்கு எது அதிக வருவாய் தரும்? காரணம் கூறுக.’

கையில் எடுத்த முதல் விடைத்தாளில் அழகான கையெழுத்து. நான்கு ஏல முறைகளுக்கும் படம் போட்டு, ‘இரண்டாம் விலை ஏலத்தில் தன் மதிப்பை அப்படியே கேட்பதே சிறந்த உத்தி. நான்கு முறைகளும் சராசரியில் ஒரே வருவாயைத் தரும்’ என்று முடித்து, அடிக்கோடும் போட்டிருந்தது. இரண்டு வாக்கியங்களும் பாடநூலில் உள்ளவை. இந்த வினாவுக்கு இரண்டுமே தப்பு.

ஏன் தப்பு என்று சொல்ல, இந்த வினா எங்கே பிறந்து எந்த வழியாக நடந்து தேர்வு அறைக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதன் பிறந்த ஊர் கடல். வளர்ந்த வீடு ஒரு வகுப்பறை ஜாடி.

கடல்

அமெரிக்காவின் தென்கரையை ஒட்டிய மெக்சிகோ வளைகுடாவில், கரையிலிருந்து தள்ளியிருக்கும் கடலடி நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். 1953இல் அதற்கான சட்டம் வந்தது. மறு ஆண்டிலிருந்து அந்த நிலத்தைத் திடல் திடலாக வெட்டிக் குத்தகைக்கு விடத் தொடங்கினார்கள். ஒரு திடல் பெரும்பாலும் 5,000 ஏக்கர் அல்லது 5,760 ஏக்கர். அந்தக் காலத்தில் எண்ணெய் கிடைத்தால் பெரும்பாலும் அதில் ஆறில் ஒரு பங்கு அரசுக்கு உரிமத் தொகையாகப் போனது, அதில் பேரம் கிடையாது. போட்டியெல்லாம் முன்பணத்தில்தான். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தொகையை எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கும். குறித்த நாளில் உறைகளைப் பிரிப்பார்கள். அதிகம் எழுதியவருக்குத் திடல். அவர் எழுதிய தொகையையே கட்ட வேண்டும். நம் ஊரில் டெண்டர் என்கிறோமே, அதேதான். பாடநூல் இதை ‘முதல் விலை உறை ஏலம்’ என்கிறது.

ஏலத்துக்கு முன் யாரும் துளையிட்டுப் பார்க்க முடியாது. கடலடியில் அதிர்வலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வரைபடமாக்கி, ‘இங்கே பாறை மடிந்திருக்கிறது, எண்ணெய் தங்கியிருக்கலாம்’ என்று புவியியலாளர் ஊகிப்பார். ஏறக்குறைய ஒரே மாதிரியான வரைபடத்தைப் பார்த்தும் ஒருவர் நூறு என்பார், இன்னொருவர் இருநூறு என்பார். இதில் யாருடைய நேர்மைக்கும் குறைவில்லை. கண்ணுக்குத் தெரியாததை மதிப்பிட்டால் இப்படித்தான் சிதறும்.

சிதறல் எவ்வளவு பெரியது என்பது 1969இல் தெரிந்தது. இடம் வளைகுடா அல்ல, வடக்கே அலாஸ்கா. அங்குள்ள புரூடோ விரிகுடாவில் பெரும் எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டு, சுற்றுவட்டத் திடல்களுக்கு ஆங்கரேஜ் நகரில் ஏலம் நடந்தது. வென்ற தொகைகளைக் கூட்டினால் ஏறக்குறைய 90 கோடி டாலர். இரண்டாவதாக வந்த தொகைகளைக் கூட்டினால் 37 கோடி டாலர். நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான திடல்களில், வென்றவர் எழுதிய தொகை அடுத்தவர் எழுதியதைப் போல் நான்கு மடங்கு அல்லது அதற்கும் மேல். அதாவது நாலில் ஒரு பங்கு கொடுத்தே வாங்கியிருக்கக்கூடிய திடலுக்கு முழுத்தொகையையும் கட்டினார்கள். இந்த இடைவெளிக்கு எண்ணெய்க்காரர்கள் வைத்த பெயர் ‘மேசையில் விட்டுவந்த பணம்’.

மூன்று பொறியாளர்கள்

அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் என்ற எண்ணெய் நிறுவனத்தில் கேப்பன், கிளாப், கேம்பெல் என்று மூன்று பொறியாளர்கள் வேலை பார்த்தார்கள். கணக்குப் புத்தகம் அவர்களை உறுத்தியது. வளைகுடாவில் அத்தனை எண்ணெய் கிடைத்தும், போட்ட பணத்துக்கு நிறுவனங்கள் கண்ட லாபம் உள்ளூர் கூட்டுறவு வங்கியில் போட்டால் வரும் வட்டியை ஒட்டியே இருந்தது. புவியியலாளர்களின் மதிப்பீடுகளைக் கூட்டி வகுத்துப் பார்த்தால் சராசரியில் பெரிய பிசகு இல்லை. மதிப்பீடு சரி, லாபம் மட்டும் சொற்பம் என்றால் இடையில் என்ன நடந்தது?

இடையில் நடந்தது ஏலம். நிறுவனம் ஒன்று நூறு திடல்களை மதிப்பிடுகிறது. சிலவற்றைக் கூடுதலாக, சிலவற்றைக் குறைவாக. குறைவாக மதிப்பிட்டவற்றை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கூடுதலாக மதிப்பிட்டவைதான் கையில் வந்து சேரும். நூறின் சராசரி சரியாகவே இருக்கலாம், வென்ற இருபதின் சராசரி சரியாக இருக்காது. ஏலம் ஒரு சல்லடை, அது நம் தவறுகளை மட்டும் பொறுக்கி நம் கையில் தருகிறது.

1971 ஜூனில் எண்ணெய்ப் பொறியாளர்களின் தொழில்முறை இதழில் மூவரும் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். ‘வென்றவரின் சாபம்’ என்ற பெயர் அந்தக் கட்டுரை வழியாகத்தான் உலகுக்கு வந்தது. அவர்கள் தந்த அறிவுரை மூன்றே வரி. போட்டியாளரைவிட உனக்குத் தகவல் குறைவா, குறைத்துக் கேள். உன் மதிப்பீட்டில் உனக்கே உறுதி குறைவா, குறைத்துக் கேள். ஒரு திடலுக்கு மூன்று பேருக்கு மேல் போட்டியிட்டால், ஆள் கூடக்கூட இன்னும் குறைத்துக் கேள்.

மூன்றாவது வரி வியாபாரியின் காதுக்கு ஏறாது. ஆள் கூடினால் விலை ஏறும் என்பதுதானே சந்தை? ஆனால் மூன்று பேரில் முதலாவதாக வருவதற்கும் பதினைந்து பேரில் முதலாவதாக வருவதற்கும் வித்தியாசம் உண்டு. பதினான்கு பேர் பார்த்தும் யாருக்கும் தெரியாத செல்வம் எனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது என்றால், நான் கெட்டிக்காரன் என்பதைவிட நான் தவறியிருக்கிறேன் என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு பெரிய தொழில் ரகசியத்தை ஏன் ஊருக்குச் சொன்னார்கள்? காரணம் எளிது. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதிகம் எழுதும்வரை, விஷயம் தெரிந்தவனுக்கு இரண்டே வழி. அவர்களோடு சேர்ந்து எழுதி நஷ்டப்படலாம், குறைத்து எழுதித் திடலே கிடைக்காமல் நிற்கலாம். போட்டியாளரும் படித்துத் திருந்தினால்தான் தனக்கும் லாபம்.

ஜாடி

கடலில் கிடந்த எண்ணம் வகுப்பறைக்கு வந்தது ஒரு ஜாடியில். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேசர்மேன், சாமுவேல்சன் என்ற இரு ஆசிரியர்கள், மேலாண்மை படிக்கும் மாணவர்கள் முன்னால் ஜாடிகளை வைத்தார்கள். ஒன்றில் சில்லறைக் காசு, இன்னொன்றில் காகிதக் கிளிப்புகள் என்று நிரப்பியிருந்தார்கள். ஒவ்வொரு ஜாடியின் மதிப்பும் 8 டாலர், ஆனால் மாணவர்களுக்கு அது தெரியாது. முதலில் மதிப்பை ஊகித்து எழுத வேண்டும், பிறகு அந்த ஜாடியை எவ்வளவுக்கு எடுப்பார்கள் என்று உறை ஏலத்தில் எழுத வேண்டும். பன்னிரண்டு வகுப்புகளில் 48 ஏலங்கள் நடந்தன. முடிவுகள் 1983இல் வெளிவந்தன.

மாணவர்களின் ஊகத்தின் சராசரி 5 டாலர் 13 சென்ட். உண்மையைவிடக் குறைவு. பொதுவாக எல்லோரும் பயந்துதான் மதிப்பிட்டார்கள். அப்படியும் வென்ற தொகைகளின் சராசரி 10 டாலர் 1 சென்ட். எட்டு டாலர் ஜாடிக்குப் பத்து டாலர்.

இந்த இரண்டு எண்களையும் வகுப்பில் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பேன். கூட்டம் பேராசைப்பட்டதால் சாபம் வந்தது என்று நினைப்பவர்களுக்கு அந்த 5.13 பதில் சொல்லும். கூட்டத்தின் சராசரி எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், ஏலம் சராசரியைக் கேட்பதில்லை. ஓரத்தில் நிற்கும் ஒருவரை மட்டுமே கேட்கிறது.

நான்கு முறைகள், இரண்டு உலகங்கள்

எண்ணெய்க்காரர்கள் கணக்குப் போடுவதற்குப் பத்து ஆண்டு முன்பே வேறொரு பாதையில் ஏலக் கோட்பாடு கிளம்பியிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் விக்ரி 1961இல் நான்கு முறைகளையும் ஒரே தராசில் வைத்தார்.

ஏறுமுக ஏலம் நாம் மீன் ஏலத்தில் பார்ப்பது. விலை ஏறிக்கொண்டே போகும், ஒவ்வொருவராக விலகுவார்கள், ‘ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்’ என்று முடியும். இறங்குமுக ஏலம் ஹாலந்தின் பூச்சந்தையில் நடப்பது. ஆல்ஸ்மேர் ஊரில் பெரிய கடிகாரம் போன்ற பலகையில் விலை உயரத்திலிருந்து இறங்கி வரும், முதலில் பொத்தானை அழுத்துபவருக்குப் பூ. முதல் விலை உறை ஏலம் எண்ணெய்த் திடலில் பார்த்தது. நான்காவது இரண்டாம் விலை உறை ஏலம். அதிகம் எழுதியவருக்கே பொருள், ஆனால் அவர் கட்ட வேண்டியது இரண்டாவதாக வந்தவரின் தொகை.

இறங்குமுக ஏலமும் முதல் விலை உறை ஏலமும் அடிப்படையில் ஒன்றுதான். இரண்டிலும் ‘எந்த விலையில் கை தூக்குவது’ என்று ஒரே ஒரு எண்ணை, பிறர் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாமலே முடிவு செய்ய வேண்டும். ஆகவே தேர்வில் நான்கை மூன்றாகச் சுருக்கிக்கொள்ளலாம்.

விக்ரியின் உலகத்தில் ஒவ்வொருவருக்கும் அந்தப் பொருள் எவ்வளவு பெறும் என்பது அவரவருக்கே தெரியும், அது ஆளுக்கு ஆள் வேறு. தாத்தாவின் பழைய வீணையை ஏலம் விடுகிறார்கள் என்று வையுங்கள். எனக்கு அது 60 பெறும், உங்களுக்கு 40. உங்கள் 40 தெரிந்தாலும் என் 60 மாறாது. இதைத் தனி மதிப்பு என்போம். அங்கே சாபத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் என் மதிப்பீட்டில் தவறு என்று ஒன்றே கிடையாது.

இந்த உலகத்தில்தான் அந்த விடைத்தாளின் இரண்டு வாக்கியங்களும் உண்மை. இருவர் போட்டியிடுகிறார்கள், மதிப்பு 0 முதல் 100 வரை எங்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் விலை ஏலத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவதே நல்லது, ஏனென்றால் என் தொகை நான் வெல்வேனா என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது, நான் கட்டும் தொகையைத் தொடுவதில்லை. விற்பவருக்கு வருவது இருவரில் சிறியவரின் மதிப்பு, அதன் சராசரி 33⅓. முதல் விலை ஏலத்தில் தன் மதிப்பில் பாதியை எழுதுவது சமநிலை. விற்பவருக்கு வருவது பெரியவரின் மதிப்பில் பாதி. பெரியவரின் சராசரி 66⅔, அதில் பாதி 33⅓. இரண்டும் ஒன்றுதான். 1981இல் மையர்சனும், தனியே ரைலியும் சாமுவேல்சனும், இதைப் பொது விதியாகவே நிறுவினார்கள்.

எண்ணெய்த் திடல் வேறு உலகம். பூமிக்குள் இருக்கும் எண்ணெய் யார் எடுத்தாலும் அதே அளவு. இதைப் பொது மதிப்பு என்போம். இங்கே என் மதிப்பீடு ஒரு ஊகம், உங்கள் மதிப்பீடு எனக்கு ஒரு செய்தி. வீணையில் உங்கள் 40 எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெயில் உங்கள் 40 என் 60ஐக் கீழே இழுக்கிறது. வினாத்தாளில் ‘மதிப்பு ஐந்து நிறுவனங்களுக்கும் ஒன்றே’ என்ற ஒரு வாக்கியம் வந்த கணமே நாம் இந்த இரண்டாம் உலகத்துக்கு வந்துவிட்டோம்.

கணக்கு

இப்போது வினாவைப் போட்டுப் பார்ப்போம். உண்மை மதிப்பு 200 கோடி என்று நமக்கு மட்டும் தெரியும். மதிப்பீடுகள் 170 முதல் 230 வரை சிதறும், அந்த வீச்சு 60 கோடி. ஐந்து பேரைச் சம வாய்ப்புடன் இந்த வீச்சில் போட்டால், சராசரியில் அவர்கள் அதை ஆறு சம துண்டாக வெட்டி நிற்பார்கள். 180, 190, 200, 210, 220. ஒவ்வொரு ஏலத்திலும் இப்படியே விழாது, ஆனால் சராசரி வருவாயைக் கணக்கிட இந்த ஐந்து எண்களே போதும்.

முதலில் பாடநூல் படித்து ஏமாந்தவர்களை விளையாட விடுவோம். முதல் விலை ஏலத்தில் எல்லோரும் தம் மதிப்பீட்டையே எழுதினால் 220 எழுதியவர் வெல்வார், 20 கோடி நஷ்டம். இரண்டாம் விலை ஏலத்தில் அப்படியே எழுதினால் 220காரர் 210 கட்டுவார், 10 கோடி நஷ்டம். ‘இரண்டாம் விலை ஏலத்தில் உண்மையைச் சொல்’ என்ற விதி இங்கே காப்பாற்றவில்லை, ஏனென்றால் அவர் எழுதியது உண்மை மதிப்பு அல்ல, ஓர் ஊகம்.

அடுத்து விஷயம் தெரிந்தவர்கள். முதல் விலை ஏலத்தில் அவர்களில் ஒருவர் தனக்குள் இப்படிப் பேசுகிறார்: ‘நான் வென்றால் ஐந்து பேரில் என் மதிப்பீடே உச்சம் என்று அர்த்தம். ஐந்தில் உச்சம் சராசரியில் உண்மையைவிட 20 மேலே நிற்கும். ஆகவே 20 கழித்தால்தான் கையைச் சுடாது. அதோடு நிறுத்தினால் லாபமும் இல்லை. எனக்கும் அடுத்தவருக்கும் சராசரி இடைவெளி 10. அதையும் கழித்துக்கொள்வேன்.’ மொத்தம் 30 கழிவு. 220காரர் 190 எழுதி வெல்கிறார். விற்பவருக்கு 190.

இந்த இரண்டு கழிவையும் பிரித்துப் பார்ப்பதில்தான் ஆள் கூடினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. இருவர் மட்டும் போட்டியிட்டால் சாபத்துக்கு 10, லாபத்துக்கு 20. ஒன்பது பேர் என்றால் சாபத்துக்கு 24, லாபத்துக்கு 6. போட்டி கூடும்போது லாபக் கழிவு சுருங்கி விலையை மேலே தள்ளுகிறது, சாபக் கழிவு பெருகிக் கீழே இழுக்கிறது. இந்தக் கணக்கில் இரண்டும் சரிக்குச் சரி, கூட்டுத்தொகை எப்போதும் 30. சந்தையை மட்டும் நினைப்பவன் முதலாவதைப் பார்த்து விலையை ஏற்றுகிறான், மூன்று பொறியாளர்கள் இரண்டாவதைக் காட்டினார்கள். கேகல், லெவின் இருவரும் 1986இல் வெளியிட்ட சோதனைகளில் இதே வகைக் கணக்கைப் பணம் வைத்து ஆட வைத்தார்கள். மூன்று நான்கு பேர் கொண்ட குழுவில் பழகியவர்கள் லாபம் பார்த்தார்கள். அதே அனுபவசாலிகள் ஆறேழு பேர் குழுவுக்குப் போனதும் நஷ்டப்பட்டார்கள்.

இரண்டாம் விலை ஏலத்துக்கு யோசனை சற்று வேறு. என் தொகையைக் கொஞ்சம் கூட்டுவதோ குறைப்பதோ முடிவை மாற்றுவது ஒரே ஒரு சூழலில்தான், இன்னொருவர் எனக்குச் சமமாக உச்சியில் நிற்கும்போது. ஆகவே ‘என்னைப் போலவே இன்னொருவரும் இதே எண்ணை வைத்திருக்கிறார், மற்ற மூவரும் எங்களுக்குக் கீழே’ என்று வைத்துக்கொண்டு மதிப்பிட வேண்டும். இருவர் ஒரே புள்ளியில் நின்றால் ஐந்து பேர் நான்கு புள்ளியாகிவிடுவார்கள். நான்கில் உச்சம் வீச்சின் ஐந்தில் நான்கு பங்கு உயரத்தில், அதாவது அடியிலிருந்து 48இல் நிற்கும். நடு 30இல். ஆகவே கழிக்க வேண்டியது 18. 220காரர் 202 எழுதுகிறார், 210காரர் 192 எழுதுகிறார். விலை 192.

ஏறுமுக ஏலத்தில் கதை கண்முன்னே நடக்கிறது. விலை ஏறுகிறது. 180இல் ஒருவர் விலகுகிறார். மற்ற நால்வருக்கும் அந்த விலகல் ஒரு தந்தி: ஐந்தில் அடி மதிப்பீடு 180. வீச்சின் இரு ஓரமும் தெரிந்தால் உண்மைக்குச் சிறந்த ஊகம் நடுப்புள்ளிதான், இடையில் இருப்பவர்கள் புதிதாக எதுவும் சொல்வதில்லை. ஆகவே இனி ஒவ்வொருவரும் தன் எண்ணையும் 180ஐயும் கூட்டிப் பாதியாக்கி, அதுவரை நிற்பார். 190காரர் 185இல் போகிறார். 200காரர் 190இல். 210காரர் 195இல். அங்கே ஏலம் முடிகிறது, 220காரர் 195 கட்டுகிறார்.

வரிசை வந்துவிட்டது. முதல் விலை 190, இறங்குமுகமும் அதுவே. இரண்டாம் விலை 192. ஏறுமுகம் 195. விடைத்தாளில் எதிர்பார்த்தது இந்த வரிசையும் இதன் காரணமும்தான்.

காரணம் என்ன? வென்றவருக்குக் கிடைக்கும் லாபம், தன் ரகசிய மதிப்பீட்டிலிருந்து பிறக்கும் லாபம். அவர் கட்டும் விலை பிறருடைய தகவலோடு எவ்வளவு பிணைந்திருக்கிறதோ, அந்த ரகசியத்தின் மதிப்பு அவ்வளவு குறையும். முதல் விலையில் அவர் கட்டுவது தன் எண்ணை மட்டும் சார்ந்தது. இரண்டாம் விலையில் அடுத்தவரின் தகவலும் கலக்கிறது. ஏறுமுகத்தில் அடியில் விலகியவரின் தகவலும் சேர்ந்துகொள்கிறது. பயம் குறைவதால் துணிந்து கேட்கிறார்கள், விற்பவருக்குக் கூடுதலாக வருகிறது. மில்கிராமும் வெபரும் 1982இல் இதைப் பொதுவாக நிறுவினார்கள். பொது மதிப்பு ஏலங்களின் கணிதத்தை அறுபதுகளின் இறுதியிலிருந்து கட்டியவர் மில்கிராமின் ஆசிரியர் ராபர்ட் வில்சன். இருவருக்கும் 2020இல் பொருளியல் நோபல் கிடைத்தது. விக்ரிக்கு 1996இலேயே கிடைத்திருந்தது, அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

எல்லை

இந்த வரிசையை மனப்பாடம் செய்து எங்கும் எழுதுபவர்களும் உண்டு. அவர்களுக்காக அடுத்த உள்வினா வரும்: ‘ஐவரில் ஒரு நிறுவனம் பக்கத்துத் திடலில் ஏற்கெனவே துளையிட்டிருக்கிறது எனில்?’ இதுவும் கற்பனை அல்ல. வளைகுடாவில் இப்படிப்பட்ட திடல்கள் தனி வகையாகவே ஏலத்துக்கு வந்தன. ஹென்ட்ரிக்ஸ், போர்ட்டர் இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்துத் திடல்காரர்கள் நல்ல லாபம் பார்த்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்து கேட்டவர்களின் லாபம் சராசரியில் ஏறக்குறைய பூஜ்யம். வெளியாள் பெரும்பாலும் வெல்வது, உள்விஷயம் தெரிந்தவர் ஒதுங்கிய திடலைத்தான். எல்லோருக்கும் ஒரே தரமான தகவல், ரகசியக் கூட்டு இல்லை, நஷ்டத்துக்குத் தனிப் பயம் இல்லை என்ற நிபந்தனைகளுக்குள்தான் 190, 192, 195 என்ற வரிசை நிற்கும்.

அழகான கையெழுத்துக்குப் பத்துக்கு மூன்று போட்டேன். நான்கு முறைகளின் விளக்கத்துக்கு அந்த மூன்று. கட்டின் நடுவில் இன்னொரு தாள் இருந்தது. கிறுக்கல் எழுத்து, படம் இல்லை, கணக்கும் பாதியில் நின்றிருந்தது. ஆனால் விடையின் முதல் வரியாக அந்த மாணவர் எழுதியிருந்தது இது: ‘நான் வென்றால் மற்ற நால்வரும் என்னைவிடக் குறைவாக நினைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆகவே கேட்பதற்கு முன்பே அதைக் கழிக்க வேண்டும்.’ ஏறுமுக ஏலத்தில் அந்த நால்வரும் கண்ணுக்குத் தெரிவதால் கழிவு குறையும் என்றும் எழுதியிருந்தார். கணக்கு முடியாததற்கு இரண்டைக் குறைத்து எட்டு போட்டேன்.